அணியின் பலத்தை ரன்னில் அளப்பது: ஒருநாள் போட்டிக்கு ஓர் எளிய ரேட்டிங்

2023 உலகக் கோப்பையின் லீக் சுற்று முடிந்தபோது இந்தியாவின் நெட் ரன் ரேட் +2.570. அடுத்து நின்ற தென்னாப்பிரிக்காவுக்கு +1.261, ஆஸ்திரேலியாவுக்கு +0.841. புள்ளிகள் சமமாக இருக்கும்போது யார் மேலே என்று முடிவு செய்யத்தான் இந்த எண்ணை உண்டாக்கினார்கள். அந்த வேலைக்கு அது போதும். ஆனால் நாளை இவற்றில் இரண்டு அணிகள் மோதினால் யார் எத்தனை ரன் முன்னிலை பெறுவார்கள் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. எந்த அணிக்கு எதிராக அடித்த ரன் என்று அது பார்ப்பதில்லை. சேஸிங்கில் இரண்டு விக்கெட் போனதா, ஒன்பது போனதா என்றும் பார்ப்பதில்லை.

அதற்குப் பதிலாக ஒவ்வோர் அணிக்கும் இரண்டு எண்களைக் கணக்கிடுவோம். சராசரி பந்துவீச்சுக்கு எதிராக அந்த அணி வழக்கத்தைவிட எத்தனை ரன் கூட அடிக்கும் என்பது பேட்டிங் எண். சராசரி பேட்டிங்குக்கு எதிராக எத்தனை ரன் கூட விட்டுக்கொடுக்கும் என்பது பந்துவீச்சு எண். பந்துவீச்சில் கழித்தல் குறி வந்தால் நல்லது. ரன்னைக் கட்டுப்படுத்தும் அணி என்று பொருள். இரண்டு எண்களும் ரன்னிலேயே இருப்பதால், கிரிக்கெட் பார்ப்பவர் யாரும் பார்த்தவுடன் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். கணக்கு இவ்வளவுதான்:

```
A அடிக்கும் ரன் = சராசரி + A-யின் பேட்டிங் + B-யின் பந்துவீச்சு
```

முதலில் ஸ்கோரைச் சரி செய்ய வேண்டும்

பலரும் தப்பு செய்வது இந்தக் கணக்கு மாதிரியில் இல்லை, அதற்குள் போடும் ஸ்கோரில்தான். முதலில் ஆடும் அணியின் ஸ்கோரிலும் துரத்தித் தோற்ற அணியின் ஸ்கோரிலும் சிக்கல் இல்லை: 50 ஓவரும் ஆடினாலும் ஆல் அவுட் ஆனாலும் எடுத்த ரன்னை அப்படியே போடலாம். கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்கா இந்தியாவிடம் 27.1 ஓவரில் 83 ரன்னுக்குச் சுருண்டது. அது 83தான். அதை 27.1 ஓவரால் வகுத்து 50 ஆல் பெருக்கினால் 153 வரும். இல்லாத விக்கெட்டுகளை வைத்து யாரும் மீதி ஓவரை ஆட முடியாது.

சேஸ் செய்து வென்ற அணியின் ஸ்கோர் வேறு விஷயம். இலக்கு எட்டியதும் ஆட்டம் நின்றுவிடுகிறது. அந்த அணி எவ்வளவு அடித்திருக்கும் என்பது நமக்குத் தெரியாமலே போகிறது. சேப்பாக்கத்தில் வங்கதேசம் 245/9 எடுத்தது, நியூசிலாந்து 42.5 ஓவரில் 248/2. இதில் 248 என்று எழுதினால் இரண்டு அணிக்கும் மூன்று ரன்தான் வித்தியாசம் என்று மாதிரி நம்பிவிடும். உண்மையில் எட்டு விக்கெட்டும் ஏழு ஓவருக்கு மேலும் கையில் இருந்தன.

இதற்கு டக்வொர்த்-லூயிஸ் பழைய நிலையான அட்டவணை கைகொடுக்கும். மீதமுள்ள ஓவரும் போன விக்கெட்டும் சேர்ந்து ஓர் அணியிடம் எத்தனை சதவீத 'வளம்' மிச்சம் என்று அது சொல்கிறது. இரண்டு விக்கெட் போன நிலையில் 10 ஓவர் இருந்தால் 30.8 சதவீதம், 5 ஓவர் இருந்தால் 16.8. நியூசிலாந்துக்கு இருந்தது 7.1 ஓவர். இடைப்பட்ட மதிப்பாக ஏறக்குறைய 23 வருகிறது. அப்படியானால் 77 சதவீத வளத்தில் 248 ரன். 248 ஐ 0.77 ஆல் வகுத்தால் 322. வெறும் ரன் ரேட்டை நீட்டினால் 290தான் வந்திருக்கும். அந்த 32 ரன் வித்தியாசம்தான் கையில் இருந்த விக்கெட்டுகளின் விலை.

இந்த வழிக்கும் ஒரு எல்லை உண்டு. அதே தொடரின் முதல் போட்டியில் இங்கிலாந்தின் 282/9 ஐ நியூசிலாந்து 36.2 ஓவரில் ஒரே விக்கெட்டை இழந்து முடித்தது, 283/1. மிச்ச வளம் 40 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது. நீட்டினால் ஏறக்குறைய 470 வரும். அவ்வளவு அடித்திருப்பார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே, நீட்டிய ஸ்கோர் எடுத்த ரன்னைவிட 100க்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துவிடுங்கள். இங்கே 383 என்று எழுதுவோம்.

மழை குறுக்கிட்ட போட்டியில் இன்னும் கவனம் வேண்டும். பெங்களூருவில் நியூசிலாந்து 401/6 எடுத்தது. பாகிஸ்தான் 25.3 ஓவரில் 200/1 என்று இருந்தபோது ஆட்டம் நின்று, டி.எல்.எஸ். முறையில் 21 ரன் வித்தியாசத்தில் வென்றது. ரன் ரேட்டை நீட்டினால் பாகிஸ்தானுக்கு 392தான் வரும், அதாவது வென்ற அணி தோற்றதாகப் பதிவாகும். இப்படிப்பட்ட போட்டிக்கு 401 உடன் 21 ஐக் கூட்டி 422 என்று எழுதுவது எளிது, பெரிய தவறும் வராது.

நான்கு அணிகள், ஆறு போட்டிகள்

இனிக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். அந்த லீக் சுற்றில் முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆறு போட்டிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பத்து அணிக்கும் 45 போட்டிக்கும் இதே வழிதான், வரிசைகள் மட்டும் கூடும்.

இரண்டு ஸ்கோரை மேலே சொன்னபடி நீட்ட வேண்டும். சேப்பாக்கத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவின் 199 ஐத் துரத்தி 41.2 ஓவரில் 201/4 எடுத்தது. மிச்ச வளம் கால்பங்கு, ஆகவே 268. தரம்சாலாவில் நியூசிலாந்தின் 273 ஐத் துரத்தி 48 ஓவரில் 274/6. மிச்சம் ஏறக்குறைய 7 சதவீதம், ஆகவே 295. மற்றவை அப்படியே. இடப்பக்கம் பேட்டிங் அணி, மேலே பந்துவீசிய அணி:

| | இந்தியா | ஆஸ்திரேலியா | தெ.ஆப்பிரிக்கா | நியூசிலாந்து |
|---|---|---|---|---|
| இந்தியா | – | 268 | 326 | 295 |
| ஆஸ்திரேலியா | 199 | – | 177 | 388 |
| தெ.ஆப்பிரிக்கா | 83 | 311 | – | 357 |
| நியூசிலாந்து | 273 | 383 | 167 | – |

பன்னிரண்டு இன்னிங்ஸின் சராசரி 269. வரிசைவாரியாகப் பார்த்தால் இந்தியாவின் சராசரி 296, அதாவது +27. பத்திவாரியாகப் பார்த்தால் இந்தியா விட்டுக்கொடுத்தது சராசரியாக 185, அதாவது −84. பந்துவீச்சில் ஆஸ்திரேலியாவுக்கு +52, தென்னாப்பிரிக்காவுக்கு −46, நியூசிலாந்துக்கு +78.

இங்கே நின்றுவிடக் கூடாது. இந்தியா எடுத்த +27 யாருக்கு எதிராக? தொகுப்பிலேயே மிகச் சிறந்த பந்துவீச்சு இந்தியாவுடையது. அதை இந்திய பேட்டர்கள் சந்திக்கவே இல்லை. அவர்கள் சந்தித்த மூன்று பந்துவீச்சின் சராசரி +28. சராசரியைவிட 28 ரன் எளிதான பந்துவீச்சில் 27 ரன் கூட அடித்திருக்கிறார்கள். அதைக் கழித்தால் இந்தியாவின் பேட்டிங் −1 ஆகிறது. இதே திருத்தத்தை எல்லா அணிக்கும் செய்ய வேண்டும். பேட்டிங் எண் மாறினால் பந்துவீச்சு எண்ணும் மாறும், அது மாறினால் பேட்டிங் மறுபடி மாறும். எண்கள் அசையாமல் நிற்கும்வரை சுற்றிச் சுற்றிச் செய்தால் போதும். ஐந்தாறு சுற்றிலேயே நின்றுவிடும்.

```python
# scores = [("IND","AUS",268), ("AUS","IND",199), ...]
teams = ["IND", "AUS", "SA", "NZ"]
avg = lambda x: sum(x) / len(x)
m = avg([s for _, _, s in scores])
bat = dict.fromkeys(teams, 0.0)
bowl = dict.fromkeys(teams, 0.0)
for _ in range(50):
    for t in teams:
        bat[t] = avg([s - m - bowl[b] for a, b, s in scores if a == t])
    for t in teams:
        bowl[t] = avg([s - m - bat[a] for a, b, s in scores if b == t])
```

முடிவில் வருவது இது. இந்தியா: பேட்டிங் −1, பந்துவீச்சு −84. ஆஸ்திரேலியா: +3, +53. தென்னாப்பிரிக்கா: −38, −58. நியூசிலாந்து: +35, +89. நிரலைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி: பேட்டிங் எண்கள் நான்கையும் கூட்டினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும், பந்துவீச்சு எண்களும் அப்படியே. வரவில்லை என்றால் ஏதோ ஓர் இன்னிங்ஸை இருமுறை எழுதியிருக்கிறீர்கள், அல்லது ஏதோ ஓர் இன்னிங்ஸை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். எல்லா அணிகளும் சம எண்ணிக்கையில் மோதும் தொடருக்குத்தான் இந்தச் சோதனை பொருந்தும்.

மைதானம் எங்கே ஒளிந்திருக்கிறது

நியூசிலாந்துதான் சிறந்த பேட்டிங், மோசமான பந்துவீச்சு என்று இந்த எண்கள் சொல்கின்றன. இரண்டுமே பெரிய எண்கள். ஓர் அணியின் பேட்டிங்கும் பந்துவீச்சும் சேர்ந்தாற்போல ஒரே பக்கம் எகிறினால், முதலில் ஆடுகளத்தைச் சந்தேகிக்க வேண்டும். தரம்சாலாவில் ஆஸ்திரேலியா 388, நியூசிலாந்து 383. ஒரே நாளில் 771 ரன். அந்த ஒரு போட்டி நியூசிலாந்தின் பேட்டிங்கை உயர்த்தியது, அதே அளவுக்குப் பந்துவீச்சையும் கெடுத்தது.

மைதானத்தின் வித்தியாசம் சின்னதல்ல. அந்த உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் நடந்த ஐந்து போட்டிகளில் முதல் இன்னிங்ஸ் ஸ்கோர்கள் 199, 245, 288, 282, 270, சராசரி 257. டெல்லியின் ஐந்து போட்டிகளில் 428, 272, 284, 399, 279, சராசரி 332. ஆனால் 75 ரன் வித்தியாசத்தை முழுசாக மைதானத்தின் கணக்கில் எழுதக் கூடாது. டெல்லியின் 428 இலங்கைக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கா அடித்தது, 399 நெதர்லாந்துக்கு எதிராக ஆஸ்திரேலியா அடித்தது. அணிகளின் பலம் போக மிஞ்சுவதுதான் மைதானத்தின் பங்கு. கணக்கில் மூன்றாவதாக ஒரு எண் சேர்த்து, அதே சுற்றுமுறையில் அதையும் கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரே மைதானத்தின் பல வருஷப் போட்டிகள் வேண்டும். ஐந்து போட்டியை வைத்துச் செய்தால் மைதானத்தின் எண்ணும் நம்பத் தகாததாகவே இருக்கும்.

மைதானக் கணக்கு இல்லாதபோதும் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. பேட்டிங் எண்ணிலிருந்து பந்துவீச்சு எண்ணைக் கழித்துவிடுங்கள். தட்டையான ஆடுகளம் இரண்டையும் ஒரே அளவு உயர்த்துவதால் கழிக்கும்போது அது காணாமல் போய்விடும். கிடைக்கும் நிகர எண்கள்: இந்தியா +83, தென்னாப்பிரிக்கா +20, ஆஸ்திரேலியா −50, நியூசிலாந்து −54. இவற்றைத்தான் நம்பி எடுக்கலாம். இரு அணிகளின் நிகர எண்களைக் கழித்தால் எதிர்பார்க்கும் ரன் வித்தியாசம் நேராகவே வரும். யார் எத்தனை அடிப்பார்கள் என்று தெரிய வேண்டுமானால் மட்டும் பேட்டிங், பந்துவீச்சு, மைதானம் மூன்றும் தனித்தனியே தேவை.

சொந்த மண் மட்டும் இந்தக் கழித்தலில் மறையாது. இந்தத் தொடர் முழுக்க இந்தியாவில் நடந்தது, ஆகவே இந்தியாவின் +83 இல் சொந்த மண்ணின் சாதகமும் கலந்திருக்கிறது. வெளிநாட்டில் இந்தியா ஆடும் போட்டிக்கு இந்த எண்ணை அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது.

எண்ணைச் சுருக்காமல் பயன்படுத்தாதீர்கள்

ஓர் அணிக்கு மூன்றே போட்டி. கணக்கு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் மூன்று போட்டி சொல்வது கொஞ்சம்தான். இந்தியா–தென்னாப்பிரிக்கா போட்டியைப் பாருங்கள். நிகர எண்களின்படி இந்தியா 63 ரன் முன்னிலை பெற வேண்டும், கிடைத்தது 243. அந்தப் போட்டி இந்த எண்களை உண்டாக்கிய ஆறில் ஒன்று, அப்படியிருந்தும் 180 ரன் தவறுகிறது.

இதற்குச் செய்ய வேண்டியது, ஒவ்வோர் அணியும் கூடுதலாக ஆறு கற்பனைப் போட்டிகள் ஆடி அவற்றில் சராசரியாக இருந்தது என்று வைத்துக்கொள்வது. சூத்திரமாக எழுதினால் நிகர எண்ணை `n/(n+6)` ஆல் பெருக்க வேண்டும், n என்பது ஆடிய போட்டிகள். மூன்று போட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு: இந்தியா +28, தென்னாப்பிரிக்கா +7, ஆஸ்திரேலியா −17, நியூசிலாந்து −18. ஒன்பது போட்டி ஆடியிருந்தால் 9/15, பாதிக்கு மேல். அந்த 6 என்பது தொடங்குவதற்கான எண் மட்டுமே. 3, 6, 10, 15 என்று மாற்றி வைத்து, எதில் முன்கணிப்பு நன்றாக வருகிறது என்று பழைய போட்டிகளில் சோதித்துத் தேர்ந்தெடுங்கள். பல வருஷத் தரவு இருந்தால் பழைய போட்டிகளுக்கு எடையைக் குறைப்பதும் நல்லது. ஒரு வருஷத்துக்கு முந்தியதற்குப் பாதி எடை என்பது போதுமான தொடக்கம்.

இருபது ஓவர் போட்டிக்கும் இதே மாதிரிதான். டக்வொர்த்-லூயிஸ் அட்டவணையில் 20 ஓவர், 0 விக்கெட் என்ற இடத்தில் இருக்கும் 56.6 ஐ நூறு சதவீதமாகக் கொண்டு மற்றவற்றை அளவு மாற்றினால் சேஸிங் ஸ்கோரை நீட்டிக்கொள்ளலாம்.

ரன்னிலிருந்து வாய்ப்புக்கு

லீக் எண்களை வைத்து இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய நவம்பர் 19 இறுதிப் போட்டியைக் கணிப்போம். சுருக்காத எண்ணில் இந்தியாவின் முன்னிலை 133 ரன், சுருக்கிய எண்ணில் 28 உம் 17 உம் சேர்ந்து 45. இதை வாய்ப்பாக மாற்ற, ஒரு போட்டியின் ரன் வித்தியாசம் கணிப்பிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பது தேவை. அதாவது திட்ட விலக்கம். இந்த ஆறு போட்டியில் மட்டும் அளந்தால் 150 வருகிறது, ஆறு போட்டியில் அளந்த எண்ணை நம்ப முடியாது. தொடக்கத்துக்கு 100 என்று வைத்துக்கொண்டு, இருநூறு போட்டி சேர்ந்ததும் உங்கள் சொந்தப் பிழைகளிலிருந்து அளந்து மாற்றுங்கள். எக்செலில் இதற்கான சூத்திரம்:

```
=NORM.S.DIST(45/100, TRUE)
```

விடை 0.67. இந்தியாவுக்கு 67 சதவீதம், ஆஸ்திரேலியாவுக்கு 33. சுருக்காத 133 ஐப் போட்டால் இந்தியாவுக்கு 91 சதவீதம் என்று வரும். அகமதாபாத்தில் இந்தியா 240 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனது, ஆஸ்திரேலியா 43 ஓவரில் 241/4 எடுத்து வென்றது.

ஒரே போட்டியை வைத்து மாதிரி சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் மதிப்பெண் போடத் தொடங்கலாம். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (வெற்றி 1, தோல்வி 0) உள்ள வித்தியாசத்தை வர்க்கம் செய்யுங்கள். 0.67 க்கு 0.45, 0.91 க்கு 0.83. எல்லாப் போட்டிக்கும் இதைச் செய்து சராசரி எடுத்தால் வருவது பிரையர் மதிப்பு, குறைந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று சொல்பவருக்கே 0.25 கிடைக்கும், ஆகவே உங்கள் சராசரி அதற்குக் கீழே வராவிட்டால் மாதிரியால் பயனில்லை. கூடவே, 60 முதல் 70 சதவீதம் என்று சொன்ன போட்டிகளை மட்டும் தனியே எடுத்து எண்ணுங்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வென்றிருக்க வேண்டும். 80, 90 என்று சொன்ன அணிகள் அடிக்கடி தோற்றால் சுருக்கம் போதவில்லை, அந்த 6 ஐக் கூட்ட வேண்டும்.

சோதிக்கும்போது ஒவ்வொரு போட்டியையும் அதற்கு முந்தைய போட்டிகளை மட்டும் வைத்தே கணிக்க வேண்டும். முழுத் தொடரின் எண்களை வைத்து அந்தத் தொடரின் போட்டிகளையே கணித்தால் மதிப்பெண் அழகாக வரும், அடுத்த தொடரில் அத்தனையும் சரிந்துவிடும். மேலே இறுதிப் போட்டிக்குப் பயன்படுத்திய ஆறில் கடைசிப் போட்டி நவம்பர் 5 அன்று நடந்தது, அதனால் அந்தக் கணிப்பு இந்த விதியை மீறவில்லை.

டாஸ் இந்த மாதிரிக்குள் இல்லை. அன்று ஆஸ்திரேலியா டாஸ் வென்று பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தது, இரவில் துரத்திப் பிடித்தது. அதைச் சேர்க்க விரும்பினால், பகலிரவுப் போட்டிகளில் இரண்டாவதாக ஆடிய அணியின் உண்மையான ரன் வித்தியாசத்திலிருந்து மாதிரி சொன்ன வித்தியாசத்தைக் கழித்து, மைதானவாரியாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். ஒரு மைதானத்தில் முப்பது போட்டிக்குப் பிறகும் அந்தச் சராசரி ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் மட்டும் அதை நான்காவது எண்ணாகச் சேருங்கள்.